ரெண்டு மணி பேசரைப் பிடிக்கவே முடியல, ஆனா சிப் டைம் 1:58:46. இதுல எது என் பேஸ்?

கொக்கிரகுளத்தான்

பாளையங்கோட்டை ஹாஃப் மராத்தான் ரிசல்ட் வந்திருச்சு. கன் டைம் 2:03:10, சிப் டைம் 1:58:46. என் வாட்ச் 21.45 கி.மீ., 1:58:21, பேஸ் கிலோமீட்டருக்கு 5:31னு காட்டுது. ரிசல்ட் பக்கத்துல கன் டைம வச்சு 5:50னு போட்டிருக்காங்க. சிப் டைமை நானே வகுத்துப் பாத்தா 5:38 வருது. ஒரே ஓட்டத்துக்கு மூணு பேஸ்.

சுமார் ஆயிரத்தைந்நூறு பேர்ல கிட்டத்தட்ட கடைசியிலதான் நின்னேன். ஸ்டார்ட் கோட்டுல சிப்பைப் படிக்குத மேட்டை மிதிச்சப்பதான் வாட்ச் பட்டனை அமுக்கினேன். ரெண்டு மணி நேரத்துல முடிக்கக் கொடி பிடிச்சு ஓடுத பேசர் முன்னாடி நின்னாரு, அவரைப் பிடிச்சிரணும்னு ஓடி, கடைசி வரைக்கும் பிடிக்க முடியல. பிடிக்காம எப்படி ரெண்டு மணிக்குள்ள வந்தேன்? சிப் தப்பா, வாட்ச் தப்பா, இல்ல நான்தான் தப்பாப் பாக்குதேனா?

மேட் ஸ்ப்ளிட், சிப் டைம்படி: 5 கி.மீ. 27:50, 10 கி.மீ. 54:30, 15 கி.மீ. 1:22:25. முதல் கிலோமீட்டர் மட்டும் வாட்ச்ல பாத்தது 6:50.

அல்வாத்துண்டு

இதுல குழம்ப ஒண்ணுமே இல்ல தம்பி. வெடிச்சதுல இருந்து எண்ணினா கன் டைம், நீ மேட்டை மிதிச்சதுல இருந்து எண்ணினா சிப் டைம். நடுவுல 4 நிமிசம் 24 செகண்ட் நீ சும்மா நின்ன நேரம். கூட்டத்தால ஆன நஷ்டம் பூராத்தையும் சிப் கழிச்சிரும். 5:38தான் உன் பேஸ், ஃபோட்டோவப் போட்டுட்டு சந்தோசமா இரு.

மேலப்பாளையம் 10கே

எனக்கும் இதே பிரச்சனைதான். அன்னைக்கு 10 கி.மீ. ஓடினேன். கன் டைமும் 1:04:30, சிப் டைமும் 1:04:30. நானும் பின்னாடிதான் நின்னேன், ரெண்டு நிமிசமாவது தாண்டித்தான் கோட்டுக்கே வந்தேன். எனக்கு ஏன் கழிக்கல? யார்ட்ட கேக்கணும்?

ஈரடுக்குப்பாலம்

அல்வாத்துண்டு சொன்னதில் பாதி சரி. சிப் கழிப்பது கோட்டுக்கு *முன்னால்* போன நேரத்தை மட்டும்தான். கோட்டைத் தாண்டியபின் நெரிசலில் நடந்த நடை, தடுப்புக்கிட்ட நின்ற நிற்பு எல்லாம் சிப் டைமுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கும். கொக்கிரகுளத்தான் தம்பி குழம்பியதும் அங்கேதான்.

முதலில் அந்த 4:24. அது 264 செகண்ட். 21.0975 கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு பன்னிரண்டரை செகண்ட். 5:38க்கும் 5:50க்கும் உள்ள இடைவெளி முழுக்க அதுதான், வேறு மர்மம் கிடையாது. அதே 4:24 பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏற்பட்டால் கிலோமீட்டருக்கு 26 செகண்ட், ஐந்து கிலோமீட்டரில் 53 செகண்ட். ஓட்டம் குறுகக் குறுக கன் டைமை வைத்துப் போட்ட பேஸுக்கு அர்த்தம் குறைந்துகொண்டே போகும். ஃபுல் மராத்தானில் வெறும் 6 செகண்ட், அங்கே பலர் கவனிக்கவே மாட்டார்கள்.

ஆயிரத்தைந்நூறு பேருக்கு நாலரை நிமிடம் ஆவதும் இயல்புதான். ஆனித் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். முன்னால் இழுக்க ஆரம்பித்தபின் கடைசி ஆள் கையில் வடம் இறுக எவ்வளவு நேரம் ஆகிறது! ஆறு மீட்டர் அகல ஆர்ச்சில், ஒரு மீட்டர் அகலத்துக்கு செகண்டுக்கு ஒருவர் என்று நகர்ந்தால், செகண்டுக்கு ஆறு பேர். 1500 பேருக்கு 250 செகண்ட், அதாவது 4:10. இது கைக்கணக்குதான். ஆனால் ஆர்ச்சின் அகலமும் ஆள் எண்ணிக்கையும் தெரிந்தால் எங்கே நின்றால் எவ்வளவு தாமதம் என்று முன்கூட்டியே ஊகிக்க இது போதும்.

இனி பேசர். அவர் கன் வெடித்து எத்தனை செகண்டில் மேட்டைத் தாண்டினார், தெரியுமா?

கொக்கிரகுளத்தான்

ரிசல்ட்ல அவர் சட்டையில குத்தியிருந்த பிப் நம்பரைப் போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. கன் டைம் 2:00:40, சிப் டைம் 2:00:00. அப்ப 40 செகண்ட்.

ஈரடுக்குப்பாலம்

அப்படியானால் உங்களுக்கு விடை அங்கேயே இருக்கிறது. நீங்கள் மேட்டை மிதித்தபோது அவர் உங்களைவிட 3 நிமிடம் 44 செகண்ட் முன்னால் போய்விட்டார். அவருடைய பேஸ் 5:41. நீங்களும் 5:41இலேயே ஓடியிருந்தால் கடைசிவரை அவர் முதுகைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் உங்கள் சிப் டைம் சரியாக 2:00:00 வந்திருக்கும்.

அவரைப் பத்தாவது கிலோமீட்டரில் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் 10 கி.மீ. ஓட 56:53. அதில் 3:44ஐக் கழித்தால் உங்களுக்கு 53:09. உங்கள் முதல் கிலோமீட்டரே 6:50இல் போய்விட்டது. மிச்ச ஒன்பது கிலோமீட்டரை 5:09இல் ஓடியிருக்க வேண்டும். ரெண்டு மணி நேர இலக்கு வைத்தவர் 5:09 ஓடினால் பதினைந்தாவது கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நடந்தது என்ன என்று உங்கள் ஸ்ப்ளிட்டே சொல்கிறது. முதல் கிலோமீட்டர் 6:50. அடுத்த நாலு கிலோமீட்டர் சராசரி 5:15. 5இலிருந்து 10 வரை 5:20. 10இலிருந்து 15 வரை 5:35. கடைசி 6.1 கிலோமீட்டர் 5:58. பதினைந்தில் அவருக்கும் உங்களுக்கும் இடைவெளி வெறும் 50 செகண்ட், அவருடைய கொடி கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் கால் விட்டுவிட்டது. முடிவில் இடைவெளி மறுபடி இரண்டரை நிமிடம்.

அதே 1:58:46ஐ வேறு மாதிரியும் ஓடியிருக்கலாம். முதல் கிலோமீட்டர் 6:50 போனது போகட்டும் என்று விட்டுவிட்டு, மிச்ச 20.1 கிலோமீட்டரையும் ஒரே சீராக 5:34. அவ்வளவுதான். உங்கள் சுவாசத்துக்கு 5:15க்கும் 5:34க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அப்படி ஓடியிருந்தால் கடைசியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் எத்தனை நிமிடம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அல்வாத்துண்டு

சரி அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன், கோட்டுக்குப் பின்னாடி ஆனது சிப்ல கழியாது. ஆனா 6:50 போனா அது 75 செகண்ட் நஷ்டம்லா? அதை எங்கயாவது திரும்ப எடுத்துத்தானே ஆகணும்? முன்னாடி எடுத்தா என்ன, பின்னாடி எடுத்தா என்ன?

ஈரடுக்குப்பாலம்

எடுக்கலாம், வட்டிதான் மாறும். 75 செகண்டை அடுத்த ரெண்டு கிலோமீட்டரில் எடுக்கப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 37 செகண்ட் வேகம் கூட்ட வேண்டும். 5:35 ஆள் 4:58 ஓடுவார். அதுவும் இன்னும் கூட்டம் கலையாத ரோட்டில், நாலு அடிக்கு ஒரு பிரேக் போட்டு. மிச்ச 20 கிலோமீட்டருக்கும் பரப்பினால் கிலோமீட்டருக்கு நாலு செகண்டுகூட இல்லை. நாலு செகண்ட் உடம்புக்குத் தெரியாது, 37 செகண்ட் தெரியும்.

இன்னொரு தவறான கணக்கும் பலரிடம் இருக்கிறது. கூட்டத்தில் வளைந்து வளைந்து முந்தியதால் கூடுதல் தூரம் ஓடிவிட்டேன், அதனால்தான் வாட்ச் 21.45 காட்டுகிறது என்பார்கள். இருபது மீட்டர் முன்னால் போகும்போது மூன்று மீட்டர் பக்கவாட்டில் விலகினால் கூடுவது 22 சென்டிமீட்டர்தான். நூறு முறை அப்படி விலகினாலும் 22 மீட்டர், அதாவது ஏழெட்டு செகண்ட். முந்துவதில் போவது தூரம் இல்லை, நிறுத்தி நிறுத்தி மறுபடி வேகம் எடுப்பதில் போகும் சக்தி.

தச்சநல்லூர் அக்கா

அப்ப 350 மீட்டர் எங்கே இருந்து வந்துச்சு? கோர்ஸை நீட்டமா அளந்துட்டாங்களோ?

ஈரடுக்குப்பாலம்

பெரும்பாலும் ஜி.பி.எஸ்.தான் அக்கா. முறைப்படி அளந்த பாதை என்றால், அளவு சரிபார்த்த சைக்கிளில், வளைவின் உள் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருப்பதிலேயே குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ப்பார்கள். ஹாஃபுக்கு அது 21 மீட்டர். மிச்சத்தில் கொஞ்சம் வளைவை அகலமாகச் சுற்றியது. முக்கால்வாசி வாட்ச் வரைந்த கோணல் கோடு. முருகன்குறிச்சிப் பக்கம் கட்டடங்களுக்கு நடுவே, ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே எல்லாம் வாட்ச் ரோட்டை விட்டு எகிறும். மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோடு கடைக்குள் புகுந்து வெளியே வரும்.

அதனால் வாட்ச் காட்டும் பேஸை நம்பிப் பந்தயம் ஓடினால் மோசம் போவோம். தம்பி வாட்ச் 5:31 என்றது, உண்மையில் 5:38. இந்த ஏழு செகண்டில் ஒரு இலக்கே தவறிவிடும்.

கொக்கிரகுளத்தான்

அது புரியுது. ஆனா நேரமும் ஒத்துப் போகலையே? வாட்ச் 1:58:21, சிப் 1:58:46. பட்டனை மேட்ல மிதிச்சப்ப அமுக்கி, முடிவு மேட்ல நிறுத்தினேன். 25 செகண்ட் எப்படிக் குறையும்?

சிப்புக்காரன்

ஆட்டோ பாஸ் போட்டிருக்கீங்களா?

கொக்கிரகுளத்தான்

ஆமா. சிக்னல்ல நிக்கப்ப வாட்ச் தானா நிக்கணும்னு எப்பவோ போட்டது.

சிப்புக்காரன்

அதுதான். வழியில் தடுப்பு வைத்துப் பாதி ரோடாக்கிய இடத்தில் கூட்டம் நின்றுபோனது, உங்கள் வாட்ச்சும் கூடவே நின்றது. மொத்த நேரம் என்று தனியாக ஒரு வரி வாட்ச் ஆப்பில் இருக்கும், அதைத் திறந்தால் 1:58:46 பக்கத்தில் இருக்கும். பந்தயத்துக்கு முன் ஆட்டோ பாஸை அணைத்துவிடுங்கள்.

மேலப்பாளையம் 10கே அண்ணனுக்கு. கன் டைமும் சிப் டைமும் செகண்ட் பிசகாமல் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் ஸ்டார்ட் மேட் உங்கள் பிப்பைப் படிக்கவில்லை. படிக்காதபோது சாஃப்ட்வேர் கன் நேரத்தையே உங்கள் ஸ்டார்ட் நேரமாக எடுத்துக்கொள்ளும். பிப்பை எங்கே குத்தியிருந்தீர்கள்? இடுப்பில் பை கட்டியிருந்தீர்களா?

மேலப்பாளையம் 10கே

இடுப்புல பெல்ட் பை, அதுல ஃபோன். பிப் டீசர்ட்ல வயித்துப் பக்கம். பிப் பாதி பைக்குப் பின்னாலதான் இருந்திருக்கும். ஆனா முடிவுல மட்டும் எப்படிப் படிச்சுது?

சிப்புக்காரன்

பிப்பின் பின்புறம் நீளமான ஸ்டிக்கர் ஒன்று, நடுவில் பஞ்சுப் பட்டையோடு இருக்கும். அதற்குள் பேட்டரி கிடையாது. மேட்டிலிருந்து வரும் ரேடியோ அலையிலேயே விழித்து எண்ணைத் திருப்பிச் சொல்லும். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். அந்தப் பஞ்சு உடம்பிலிருந்து ஸ்டிக்கரைக் கொஞ்சம் தள்ளி வைக்கத்தான். நீங்கள் அதன்மேல் ஃபோனையும் ஈரப் பையையும் அழுத்திக் கட்டினால் பாதி ஊமையாகிவிடும்.

ஸ்டார்ட்டில் உங்களைச் சுற்றி முன்னும் பின்னும் உடம்புகள் ஒட்டி நின்றன, மேட்டுக்கும் பிப்புக்கும் நடுவே நாலு பேர் தொடை. ஒரே நேரத்தில் ஐம்பது ஸ்டிக்கர் பதில் சொல்லும். முடிவில் நீங்கள் தனியாக வந்தீர்கள், ஃபோனை மீறியும் ஒரு முறை படித்துவிட்டது. அதனால்தான் ஸ்டார்ட்டில் விட்டுப்போவது முடிவில் விட்டுப்போவதைவிட அதிகம். நல்ல ஏற்பாட்டில் சில மீட்டர் தள்ளி இரண்டாவது மேட் ஒன்று இருக்கும்.

இன்னொரு விசயம். ஒரே ஆளை மேட் பல தடவை படிக்கும். ஸ்டார்ட்டில் கடைசியாகப் படித்ததை எடுப்பார்கள், முடிவில் முதலில் படித்ததை. அதனால் ஸ்டார்ட் ஆனபின் மேட் ஓரத்தில் நின்று நண்பனுக்குக் காத்திருப்பவர்களுக்கு நேரம் குறைவாக விழும். அது ஓட்டம் அல்ல, நிற்பு. முடிவு மேட்டில் நின்று செல்ஃபி எடுத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் வருகிறவருக்குத்தான் மறைக்கும்.

டைமிங் பார்த்தவர்களுக்கு பிப் எண், வாட்ச் ஃபைல், ஸ்டார்ட் ஆர்ச்சில் நீங்கள் தெரியும் படம் அல்லது வீடியோ இருந்தால் அதன் நேரத்தோடு அனுப்புங்கள். 5 கி.மீ.க்கு மேட் இருந்திருந்தால் அந்த ஸ்ப்ளிட்டையும் சொல்லுங்கள். சிலர் திருத்துவார்கள், சிலர் வாட்ச்சை ஏற்க மாட்டார்கள். ஏற்காதது தப்பென்றும் சொல்ல முடியாது, வாட்ச்சை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அமுக்கலாம்.

தச்சநல்லூர் அக்கா

இவ்வளவு துல்லியமா சிப் இருக்கும்போது பரிசை மட்டும் ஏன் கன் டைம்ல கொடுக்காங்க? வயசுப் பிரிவுல பின்னாடி நின்னு ஓடினவங்களுக்கு இது அநியாயம்லா?

ஈரடுக்குப்பாலம்

வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் விதிப்படி அதிகாரபூர்வ நேரம் கன் வெடித்ததிலிருந்துதான். முழு செகண்டுக்கு மேலே ஒரு துளி இருந்தாலும் அடுத்த செகண்டுக்கு ஏற்றிப் போடுவார்கள். காரணம் எளிது. முன்னால் ஓடுகிறவருக்கு யாரோடு மோதுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். சிப்பை வைத்து ஜெயித்தால், நாலு நிமிடம் பின்னால் வந்த ஒருவர் தெரியாமலே தோற்கடித்துவிடுவார்.

அது நடக்காத கதையும் இல்லை. 2008இல் சான் பிரான்சிஸ்கோ பெண்கள் மராத்தானில் முன்னணி ஓட்டக்காரர்களை 20 நிமிடம் முன்னால் அனுப்பினார்கள். பின்னால் பொதுக் கூட்டத்தோடு ஓடிய ஏரியன் ஓ'கானல் 2:55:11இல் முடித்தார். கோட்டை முதலில் தாண்டியவருக்கு 3:06. பதினோரு நிமிடம் வேகம், ஆனால் முதல் பரிசு இல்லை. பெரிய சண்டையானபின்தான் அவரையும் ஒரு வெற்றியாளராக ஏற்றார்கள்.

தச்சநல்லூர் அக்கா

அந்தக் கதையே எனக்குச் சாதகமாத்தான் இருக்கு. முதல் மூணு இடத்துக்கு கன், சரி. 45 வயசுப் பிரிவுல முன்னாடி வரிசையில இடமே கொடுக்காம, பரிசை மட்டும் கன்ல கொடுத்தா எப்படி?

ஈரடுக்குப்பாலம்

அதில் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன். வயதுப் பிரிவை சிப்பில் கொடுக்கும் பந்தயங்களும் இருக்கின்றன. பாஸ்டன் மராத்தான் தகுதிக்குக்கூட சிப் டைமைத்தான் எடுக்கிறார்கள். பதிவு செய்யும்போதே விதியைப் படித்துவிட வேண்டியதுதான். கன் என்று எழுதியிருந்தால் முன்னால் போய் நில்லுங்கள், கூச்சப்படாதீர்கள். கட்-ஆஃபும் அப்படித்தான், போலீஸ் ரோட்டைத் திறக்கும் நேரத்துக்கு உங்கள் மேட் நேரம் தெரியாது.

அல்வாத்துண்டு

பேசர் விசயம் இன்னும் முடியல. பேசர் எந்த டைமுக்கு ஓடணும்? ரெண்டு மணி கொடியைப் பிடிச்சவர் கன்ல ரெண்டு மணிக்கு வந்தாத்தான் எல்லாருக்கும் பொதுவா இருக்கும்னு நான் சொல்லுவேன். அவரைத் தாண்டினா எல்லா வகையிலயும் ரெண்டு மணிக்குள்ளன்னு நிச்சயம்.

சிப்புக்காரன்

அப்படி ஓடினால் அவரோடே கூட நின்று கிளம்பியவர்கள் 40 செகண்ட் வேகமாக ஓட வேண்டிவரும். அவரை நம்பித்தானே பக்கத்தில் நிற்கிறார்கள். சிப்பில் ஓடுவதே நியாயம்.

அல்வாத்துண்டு

பின்னால நின்னவனுக்கு ரெண்டுமே ஒண்ணுதான்வே!

ஈரடுக்குப்பாலம்

பந்தயத்துக்குப் பந்தயம் மாறுகிறது. கிளம்புமுன் பேசரிடமே கேட்டுவிடுங்கள், கன்னா சிப்பா என்று. இடையில் வைத்திருக்கும் பெரிய கடிகாரம் கன் நேரம். அதில் உங்கள் தாமதத்தைக் கழித்துப் பாருங்கள், நாலரை நிமிடம் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

கொக்கிரகுளத்தான்

அடுத்த தடவை எப்படிச் செய்யணும்னு எழுதிக்கிட்டேன், சரியான்னு பாருங்க. ரெண்டு மணி பேசர் பக்கத்துல நிக்கணும். ஆட்டோ பாஸ் கிடையாது. மேட்டை மிதிச்சதும் பட்டன். ஒவ்வொரு கி.மீ. பலகையிலும் கையால லேப். முதல் கிலோமீட்டர் என்ன வந்தாலும் மிச்ச நேரத்தை 20.1ஆல வகுத்து ஓட்டம். ஆனா அன்னைக்கு ஒண்ணாம் கிலோமீட்டர் பலகையே இல்ல, கூட்டத்துல சாஞ்சு கிடந்துச்சோ என்னவோ.

ஈரடுக்குப்பாலம்

எல்லாம் சரி. நிற்கும்போது முதல் திருப்பம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதன் வெளிப்பக்கம் நில்லுங்கள். எல்லாரும் உள் ஓரத்தைப் பிடிக்கப் பாய்வதால் அங்கேதான் அடைக்கும். வெளிப்பக்கம் ரெண்டு மூணு மீட்டர் கூடுதல், ஆனால் நடக்காமல் ஓடலாம். சாக்கடை மூடியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகைக்கு முந்தின நாளே மேப்பில் பாதையை வரைந்து, 1 கி.மீ., 2 கி.மீ. எந்தக் கடை வாசலில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகை விழும், கடை விழாது.

மேலப்பாளையம் 10கே

டைமிங் ஆட்களுக்கு மெயில் போட்டிருக்கேன். ஸ்டார்ட் வீடியோவுல 2:11ல நான் ஆர்ச்சுக்குக் கீழ போறது தெரியுது, தலை மட்டும். பிப் தெரியல. ஏத்துக்கிடுவாங்களா?

சிப்புக்காரன்

வீடியோவில் கன் சத்தம் கேட்கிறதா? வீடியோ ஆரம்பித்ததிலிருந்து 2:11ஆ, கன்னிலிருந்து 2:11ஆ? அதைப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்தில் போகிற ரெண்டு பேர் பிப் எண் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அவர்கள் ஸ்டார்ட் நேரம் ரிசல்ட்டில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மேலப்பாளையம் 10கே

மஞ்சள் டீசர்ட் அண்ணாச்சி பிப் தெரியுது. அவர் கன் டைம்ல இருந்து சிப் டைமைக் கழிச்சா 1:58 வருது. சத்தம் வீடியோவுல 13ஆவது செகண்ட்ல கேக்கு.